பண்ணைக்குட்டை வெட்டும் முன் போட வேண்டிய தண்ணீர்க் கணக்கு
அதே மழை, அதே மண்... ஒரு குட்டை அரை ஏக்கரை நனைக்கும். இன்னொன்று இரண்டரை ஏக்கரை நனைக்கும்!

மானாவாரி நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டுவது என்று முடிவாகிவிட்டால், பெரும்பாலும் பேச்சு ‘எத்தனை மணி நேரம் பொக்லைன் ஓட வேண்டும்’ என்பதில்தான் தொடங்குகிறது. பக்கத்துக் காட்டில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழத்தில் வெட்டியிருந்தால், நமக்கும் அதே அளவு என்று முடிந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் குட்டையில் தண்ணீர் நிற்கும்போது மனசு நிறைந்துதான் போகும். தை பிறந்து, பருத்தி காய் பிடித்து, ‘ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும்’ என்று பயிர் கேட்கும்போது போய்ப் பார்த்தால், குட்டையில் சேறு மட்டும் இருக்கும்.

குட்டை பெரிதாக இருந்தால் தண்ணீரும் அதிகம் இருக்கும் என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். நிலத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் வரும், மண் எவ்வளவு குடிக்கும், வெயில் எவ்வளவு எடுக்கும், பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் குட்டையின் அளவைச் சொல்ல முடியும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும்.

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் மானாவாரியை மனத்தில் வைத்து, 5 ஏக்கரில் பருத்தி போடும் ஒரு விவசாயிக்கான கணக்கை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். இதில் வரும் மழை, கசிவு அளவுகளை எடுத்துவிட்டு, உங்கள் நிலத்தின் அளவுகளைப் போட்டால் உங்கள் குட்டைக்கான கணக்கு வந்துவிடும்.

முதல் கணக்கு: எவ்வளவு தண்ணீர் வரும்?

ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால், அது 1 லிட்டர் தண்ணீர். 1,000 லிட்டர் சேர்ந்தால் ஒரு கன மீட்டர். 5 ஏக்கர் என்பது ஏறக்குறைய 20,000 சதுர மீட்டர். இந்த நிலத்தில் வடகிழக்குப் பருவமழை 400 மி.மீ பெய்தால், மொத்தம் 8,000 கன மீட்டர், அதாவது 80 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பெரிய குட்டைக்கு ஆசைப்படுவதுதான் முதல் தவறு. விழுகிற தண்ணீரெல்லாம் ஓடி வருவதில்லை.

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் இரண்டு மூன்று மழையை அப்படியே வெடிப்புக்குள் இழுத்துக்கொள்ளும். வெடிப்பு மூடி, மேல்மண் ஊறிய பிறகு, ஒரே மூச்சில் கொட்டும் கனமழையில்தான் தண்ணீர் ஓடத் தொடங்கும். 10 மி.மீ, 15 மி.மீ என்று பெய்யும் சிறுமழைகள் பயிருக்கு நல்லது. குட்டைக்கு அவற்றால் பயனில்லை. அதிகச் சரிவில்லாத, உழுது பயிர் செய்த நிலத்தில் பருவம் முழுக்கப் பெய்த மழையில் பத்தில் ஒரு பங்கு குட்டைக்கு வந்தால், அதுவே நல்ல வரத்துதான். கோடை உழவு ஆழமாகப் போட்டு, நிலத்தைப் பாத்தி பாத்தியாக வரப்புக் கட்டியிருந்தால் அதுவும் வராது. மழைநீர் வயலிலேயே நின்றுவிடும். அது பயிருக்கு லாபம்தான் என்றாலும், குட்டைக் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது.

அடுத்து, எந்த ஆண்டு மழையைக் கணக்கில் எடுப்பது என்ற கேள்வி. சராசரியை எடுத்தால், ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குட்டை ஏமாற்றும். உங்கள் பகுதி மழைமானி நிலையத்தின் 20 ஆண்டுப் பருவமழை அளவை வாங்கி, அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்துங்கள். மேலிருந்து 15-வது இடத்தில் நிற்கும் அளவுதான் நம்பத்தக்க மழை. 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் அந்த அளவோ, அதற்கு மேலோ பெய்திருக்கிறது என்று பொருள். நம் கணக்கில் சராசரி 400 மி.மீ என்றும், நம்பத்தக்க மழை 300 மி.மீ என்றும் வைத்துக்கொள்வோம்.

300 மி.மீ மழையில் பத்தில் ஒரு பங்கு 30 மி.மீ. அதை 20,000 சதுர மீட்டரால் பெருக்கினால் 600 கன மீட்டர். விழுந்த தண்ணீர் 60 லட்சம் லிட்டர். குட்டைக்கு வந்தது 6 லட்சம் லிட்டர். இதுதான் நம் கையிருப்பு. மழை குறைந்த ஆண்டில் ஓடி வரும் பங்கும் சேர்ந்து குறையும். கனமழை நாட்கள் குறைவாக இருக்கும். இடையில் மண்ணும் காய்ந்துவிடும். ஆகவே, மழை பாதியானால் வரத்து பாதியாவதில்லை, அதைவிடவும் குறையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த 5 ஏக்கரும் குட்டை அமையும் மூலையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். பட்டாவில் 5 ஏக்கர் இருந்து, பாதி நிலம் மறுபக்கம் சரிந்திருந்தால், வரத்துப் பகுதி இரண்டரை ஏக்கர்தான். ஒரு கனமழையின்போது குடை பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வந்தால், எந்தப் பக்கத் தண்ணீர் எங்கே போகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது கணக்கு: பயிருக்கு எவ்வளவு வேண்டும்?

பண்ணைக்குட்டைத் தண்ணீரை வாய்க்கால் பாசனத்துக்கு விட்டால், பாதி தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேருமுன்பே மண்ணுக்குள் போய்விடும். தெளிப்புநீர்க் கருவியில் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். வாடும் பயிரைக் காப்பாற்ற ஒருமுறை 30 மி.மீ கொடுத்தால், வறட்சியைத் தாண்டிவிடும். ஒரு ஏக்கருக்கு 4,000 சதுர மீட்டர், 30 மி.மீ என்றால் 120 கன மீட்டர். காற்றிலும் குழாயிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால், குட்டையிலிருந்து எடுக்க வேண்டியது 150 கன மீட்டர். அதாவது, ஏக்கருக்கு ஒரு நனைப்புக்கு ஒன்றரை லட்சம் லிட்டர்.

600 கன மீட்டரை 150-ஆல் வகுத்தால் 4 ஏக்கர் வருகிறது. ஆனால், இது தண்ணீர் ஒரு சொட்டும் இழக்காமல் இருந்தால் மட்டுமே. அந்த இழப்பைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கணக்கு: வெயிலும் மண்ணும் எடுப்பது எவ்வளவு?

மார்கழி, தை மாதங்களில் திறந்த குட்டையிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று முதல் நான்கு மி.மீ வரை ஆவியாகும். சித்திரையில் இது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நம் கணக்குக்கு நாளொன்றுக்கு 3.5 மி.மீ என்று வைப்போம்.

கசிவுதான் நிலத்துக்கு நிலம் மாறும். நல்ல இறுக்கமான கரிசலில் ஒரு நாளைக்குச் சில மி.மீ-தான் இறங்கும். செம்மண்ணில் அது 20 மி.மீ-க்கும் மேலே போகலாம். மணல் கலந்த நிலத்தில் குட்டை ஒரு வாரம்கூடத் தாங்காது. கரிசலிலும் ஒரு பொறி உண்டு. மேலே நான்கைந்து அடி கரிசல் இருந்தாலும், அதன் கீழே பல இடங்களில் சுக்கான் படுகை இருக்கும். அது தண்ணீரை வடிகட்டி போல இறக்கிவிடும். மேல்மண்ணைப் பார்த்து ‘கரிசல்தானே, தண்ணீர் நிற்கும்’ என்று முடிவு செய்த குட்டைகள்தான் அதிகம் தோற்றுப்போகின்றன.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. குட்டை வெட்டப்போகும் இடத்திலேயே, குட்டையின் ஆழம் வரை ஒரு சோதனைக் குழி தோண்ட வேண்டும். அதில் தண்ணீர் நிரப்பி ஊறவிட வேண்டும். காய்ந்த மண் முதல் நாள் எவ்வளவு குடிக்கும் என்பது கணக்கில் சேராது. மறுநாள் மீண்டும் நிரப்பி, ஓர் அளவுகோலை நட்டு, காலை 6 மணிக்கு நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். மழையில்லாத மூன்று நாட்கள் அதே நேரத்தில் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை மி.மீ இறங்கியது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் அகன்ற அண்டாவில் தண்ணீர் வைத்து, அது எவ்வளவு குறைகிறது என்றும் பார்க்கலாம். அண்டா சீக்கிரம் சூடாவதால், அதில் குறைவதில் பத்தில் ஏழு பங்கை ஆவியாதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குழியில் இறங்கியதிலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது கசிவு. சிறு குழியில் பக்கச் சுவர் வழியாகவும் தண்ணீர் போவதால், கசிவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். குட்டையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால், அந்தத் தவறு நமக்குச் சாதகமானதுதான். சோதனை முடிந்ததும் குழியை மூடிவிட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் கசிவு நாளொன்றுக்கு 5 மி.மீ என்று கொள்வோம். ஆவியாதல் 3.5, மொத்தம் 8.5 மி.மீ. மழை ஓய்ந்த டிசம்பர் தொடக்கத்திலிருந்து, பருத்திக்குத் தண்ணீர் கொடுக்கும் ஜனவரி கடைசி வரை 60 நாட்கள். 8.5-ஐ 60-ஆல் பெருக்கினால் 510 மி.மீ, அதாவது குட்டையின் நீர்மட்டம் அரை மீட்டருக்குச் சற்று மேல் இறங்கும்.

அக்டோபர், நவம்பரில் ஏற்படும் இழப்பு எங்கே போனது என்று கேட்கலாம். அந்த நாட்களில் குட்டையின் மேல் நேராகவும் மழை விழுகிறது. அந்த வரவும் அப்போதைய இழப்பும் ஏறக்குறைய ஈடாகிவிடும் என்பதால், இரண்டையும் சேர்க்கவில்லை.

அகலமா, ஆழமா?

இப்போது ஒரே தண்ணீரை இரண்டு விதமான குட்டைகளில் நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் கொள்ளளவு. 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் 1,800 கன மீட்டர் பிடிக்கும் என்று பலர் சொல்வார்கள். கரைகள் செங்குத்தாக இருந்தால்தான் அது சரி. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு கொடுத்தால், அடித்தளம் 24-க்கு 24 மீட்டராகச் சுருங்கிவிடும். மேல்பரப்பு, அடிப்பரப்பு, நடுப்பரப்பைப் போல நான்கு மடங்கு மூன்றையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, 6-ஆல் வகுத்தால் சரியான கொள்ளளவு கிடைக்கும். இங்கே மேல்பரப்பு 900, அடிப்பரப்பு 576, நடுவில் 27-க்கு 27 என்பதால் 729, அதன் நான்கு மடங்கு 2,916. மொத்தம் 4,392. 2-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 1,464 கன மீட்டர். 1,800 என்று நினைத்தது 336 குறைந்துவிட்டது.

இரண்டாவது குட்டை மேலே 20-க்கு 20 மீட்டர், ஆழம் 3 மீட்டர், அதே சரிவு. அதாவது 66 அடிக்கு 66 அடி, 10 அடி ஆழம். அடித்தளம் 11-க்கு 11 மீட்டர். அதே கணக்கில் இதன் கொள்ளளவு 741 கன மீட்டர். முதல் குட்டையில் பாதிதான்.

இரண்டிலும் 600 கன மீட்டர் தண்ணீர் வந்து சேர்கிறது. அகலக் குட்டையில் அது 93 செ.மீ உயரம்தான் நிற்கும். ஆழக் குட்டையில் 2.63 மீட்டர் உயரம் நிற்கும். இழப்பு உயரத்தில் கணக்கிடப்படுவதால், இரண்டிலும் 51 செ.மீ போகிறது. அகலக் குட்டையில் மீதி 42 செ.மீ. அதில் அடி 30 செ.மீ வண்டலும் சேறுமாக இருப்பதால், மோட்டார் எடுக்காது. எஞ்சுவது 75 கன மீட்டர். அரை ஏக்கருக்கு ஒரு நனைப்பு.

ஆழக் குட்டையில் 51 செ.மீ போன பிறகும் 2.12 மீட்டர் நிற்கும். அடி 30 செ.மீ-யை விட்டுவிட்டால்கூட 390 கன மீட்டர் கிடைக்கும், 2.6 ஏக்கருக்கு ஒரு நனைப்பு. வெட்டிய மண்ணும் பாதி, பயிர் இழந்த இடமும் பாதிக்குக் கீழே. கிடைக்கும் தண்ணீர் மட்டும் ஐந்து மடங்கு.

ஆழம் கூடினால் தண்ணீரின் அழுத்தம் கூடி, கசிவும் கூடத்தான் செய்யும். நம் கணக்கில் இரண்டுக்கும் ஒரே கசிவை வைத்திருக்கிறோம். அதனால்தான் சோதனைக் குழி குட்டையின் முழு ஆழத்துக்கும் இருக்க வேண்டும் என்பது. ஒரு மீட்டருக்குக் கீழே சுக்கானோ பாறையோ வந்தால், அதற்கு மேலேயே அடித்தளத்தை நிறுத்திவிட வேண்டும். ஆழக் குட்டை எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. நிலம் அனுமதிக்கும் அளவுக்கு ஆழமாகவும், வரும் தண்ணீருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அகலமாகவும் வெட்டுவதுதான் வழி.

காத்திருந்தால் தேயும்

இதே குட்டையில் தண்ணீரை ஜனவரி கடைசி வரை வைத்திருக்காமல், டிசம்பர் கடைசியிலேயே பாய்ச்சினால் என்ன ஆகும்? 30 நாள் இழப்பு ஏறக்குறைய 88 கன மீட்டர்தான். கையில் 470 கன மீட்டர் இருக்கும். 3 ஏக்கருக்கு மேல் பாய்ச்சலாம். ஒரு மாதம் காத்திருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அரை ஏக்கர். பயிர் கேட்கும் நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று வைத்திருந்தால், பயிருக்குப் போக வேண்டியது வெயிலுக்குப் போகும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு வறட்சி வந்தால் அப்போதே பாய்ச்சிவிடலாம். அடுத்த கனமழையில் குட்டை மீண்டும் சேர்த்துக்கொள்ளும். காலியாக இருந்த குட்டைதான் அடுத்த மழையைப் பிடிக்கும்.

5 ஏக்கரிலும் ஆளுக்கு அரைகுறையாக விடுவதைவிட, இருப்பதை அளந்து, அந்த அளவுக்கு மட்டும் நல்ல பயிர் நிற்கும் பகுதியைத் தேர்ந்து முழுமையாகப் பாய்ச்சுவது நல்லது. ‘இந்த ஆண்டு நனைக்கப் போவது எத்தனை ஏக்கர்’ என்பதை நவம்பர் கடைசியில் நீர்மட்டத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம். குட்டையின் கரை ஓரத்தில் 10 செ.மீ-க்கு ஒரு கோடு போட்ட கம்பை நட்டு வைத்தால் அதுவே கணக்குப் புத்தகம். இந்தக் கம்பு இன்னொன்றும் சொல்லும்: மழையில்லாத வாரத்தில் நாளொன்றுக்கு ஒரு செ.மீ-க்கு மேல் இறங்கினால், கசிவு அதிகம் என்று பொருள்.

கரை, மறுகால், வண்டல்

சராசரி மழை பெய்யும் ஆண்டில் 741 கன மீட்டர் குட்டை நிரம்பி வழியும். மறுகால் இல்லாத குட்டையில் அந்த வழியும் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போகும். கரையின் மேல்மட்டத்தைவிட ஒன்றரை அடி தாழ்வாக, கல் பதித்த மறுகாலை வரத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்து, அதன் தண்ணீர் ஓடைக்குப் போகும்படி விட வேண்டும். வரத்து வாய்க்கால் குட்டையில் சேருமிடத்துக்கு முன்னால் ஒரு வண்டல் குழி இருந்தால், சேறு அங்கேயே தங்கும். ஆண்டுக்கு ஒருமுறை அள்ளி வயலிலேயே பரப்பலாம். கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடித்துச் சரியும் மண்ணாதலால், கரைச்சரிவை ஒன்றரைக்கு ஒன்று என்பதைவிடச் செங்குத்தாக வெட்டக்கூடாது. குழந்தைகளும் கால்நடைகளும் வரும் இடமானால் வேலி போட்டு, ஒரு பக்கம் படி வைத்து, கயிறும் கட்டி வைக்க வேண்டும். 3 மீட்டர் ஆழத்தில் தவறி விழுந்தால் ஏறி வரப் பிடி இருக்காது.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

*“எங்கள் நிலம் செம்மண். இதே கணக்கு செல்லுமா?”*

கணக்கு முறை அதேதான், கசிவுதான் மாறும். கசிவு நாளொன்றுக்கு 20 மி.மீ என்று வைத்தால், மொத்த இழப்பு 23.5 மி.மீ. 60 நாளில் 1.41 மீட்டர் போய்விடும். ஆழக் குட்டையில் மோட்டார் எடுக்கும் அளவு 160 கன மீட்டர், ஒரு ஏக்கருக்குத்தான் வரும். அகலக் குட்டை 40-வது நாளில் வறண்டுவிடும். இத்தகைய நிலத்தில் ஒன்று களிமண் கொண்டு வந்து அடித்தளத்திலும் கரையிலும் அடுக்கடுக்காக ஈரத்தில் நெருக்கி இறுக்க வேண்டும். அல்லது தடித்த பாலித்தீன் விரிப்புப் போட வேண்டும். விரிப்புப் போட்டால் ஆவியாதல் மட்டுமே மிஞ்சும். ஆட்டின் குளம்பும் கூரான கல்லும் படாமல் அதைக் காக்க வேண்டும். வழுக்கும் என்பதால் கயிறு கட்டாயம். கசிந்த தண்ணீர் பக்கத்துக் கிணற்றுக்கு ஊற்றாக வரும் இடமென்றால், அதைத் தடுக்காமல் விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.

*“எனக்கு 2 ஏக்கர்தான். குட்டை வெட்டுவதில் பயன் உண்டா?”*

சரிவு சரியாக அமைந்தால், நம்பத்தக்க ஆண்டில் 240 கன மீட்டர் வரும். இழப்பும் வண்டலும் போக, அரை முதல் ஒரு ஏக்கரை ஒருமுறை நனைக்கலாம். மேல்நிலத்துக்காரர் சம்மதித்து, அவர் நிலத்தில் வழியும் தண்ணீரும் வருமானால் வரத்துப் பகுதி கூடும். அதுவும் இல்லையென்றால் வரப்பை உயர்த்தி, மழையை வயலிலேயே நிறுத்துவதில் பணத்தைப் போடுவது மேல்.

*“எங்கள் குட்டை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, அகலமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?”*

கோடையில் குட்டை காய்ந்ததும், அடித்தளத்தின் ஒரு மூலையை மட்டும் இன்னும் ஆழமாக வெட்டி, சிறு குழியாக்கலாம். ஆண்டு குறைவாகப் பெய்யும்போது தண்ணீர் அந்தக் குழியில் ஒடுங்கி நிற்கும். மேல்பரப்பு சுருங்குவதால் ஆவியாதல் குறையும். தோண்டும் முன் அந்த இடத்திலும் சோதனைக் குழி போட்டு, கீழே சுக்கான் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சுக்கானைத் திறந்துவிட்டால், இருக்கும் தண்ணீரும் போய்விடும்.